வேதத்திலிருந்து விலகுகிறவர் தோழியிடம் என்ன சொல்வது?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள நம் காலனிகளில் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து, இளைஞர்கள் எங்களிடம் தனியாகக் கேட்கிற கேள்விகளில் ஒன்று அடிக்கடி வருகிறது. கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், படகுக் கடன் என்று பேசி முடித்து, எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் நிற்பார். "எனக்கு இப்பல்லாம் ஜெபத்துல மனசு ஒட்டல. வீட்ல சொல்ல முடியாது. அவகிட்ட மட்டும் சொல்லணும். சொன்னா பேசாம போயிடுவாளோன்னு பயமா இருக்கு." அந்த "அவள்" எப்போதும் நெருங்கிய தோழிதான். ஆண் பிள்ளைகளாக இருந்தால் ஒரே படகில் போகும் கூட்டாளி.

இதை ஒரு தனிமனிதரின் மனக்குழப்பம் என்று நம் இயக்கத் தோழர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். "கடவுள் இல்லைன்னு தெரிஞ்சாச்சு, அப்புறம் என்ன தயக்கம்?" என்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நகரத்தில் தனி அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஏரிக்கரைக் காலனியில் நாற்பது வீட்டுக்கு நடுவே வாழும் ஒரு பெண்ணுக்கு இந்தத் தயக்கம் நியாயமானது. அது ஏன் என்றும், அதைத் தாண்டி எப்படிச் சொல்வது என்றும் இங்கே எழுதுகிறோம்.

குடும்பத்தின் மதம் என்பது எது?

எங்களோடு வேலை செய்த ஒரு தங்கையின் கதையை, அவருடைய சம்மதத்தோடும் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் சொல்கிறோம். அவருடைய பாட்டியின் அம்மா கன்னியம்மனுக்குப் பொங்கல் வைத்தவர். பாட்டி கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்று மாதா கோயிலுக்குப் போனவர். அம்மா, கணவரின் குடி நிற்க வேண்டும் என்று ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்துக்குப் போய், அங்கேயே முழுக்கு எடுத்துக்கொண்டவர். மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது அம்பேத்கரைப் படித்து, மெல்ல ஜெபத்தை விட்டவர்.

நான்கு தலைமுறையில் மூன்று விலகல்கள். "குடும்பத்தின் நம்பிக்கை" என்று நாம் கல்லில் செதுக்கியது போலச் சொல்வது, நம் வீடுகளில் பார்த்தால் அடுத்தடுத்த புறப்பாடுகளின் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் காரணமும் உண்டு. பாட்டி போனது மரியாதை தேடி. அம்மா போனது கணவரின் அடியிலிருந்து தப்பிக்க வழி தேடி. ஆகவே மகள் விலகும்போது அவர் குடும்பப் பழக்கத்தை முறிக்கவில்லை, ஒரு வகையில் தொடர்கிறார். தோழியிடம் பேச ஆரம்பிக்கும் முன் இதை மனதில் வைத்துக்கொள்வது உதவும். "நான் துரோகி" என்ற குற்ற உணர்வோடு பேசுகிறவர் ஒன்று கெஞ்சுவார், இல்லையென்றால் சண்டைக்குப் போவார். இரண்டுமே பேச்சைக் கெடுத்துவிடும்.

ஏரியில் இன்னொன்றும் தெரிகிறது. நல்ல இறால் படும் இடங்களில் வலை கட்டும் உரிமையை முறை வைத்துப் பங்கிடுவதற்குப் "பாடு" என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் அந்தப் பாட்டுக்குரியவை. ஒன்றின் பெயரிலேயே மாதா இருக்கிறார். ஆனால் பாட்டில் இடம் கிடைப்பது சாதியாலும் தலைக்கட்டாலும். ஞானஸ்நானம் பெற்றதாலோ பெறாததாலோ நம் காலனி ஆள் எவருக்கும் பாடு கிடைத்ததில்லை. நம்மவர்கள் பாட்டுக்கு வெளியேதான் வலை போடுகிறார்கள். இருளர் பெண்கள் பனையோலைப் பறியோடு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவுகிறார்கள். தங்கை முதலில் சந்தேகப்பட்டது இந்த இடத்தில்தான். "எல்லாரும் தேவனோட பிள்ளைங்கன்னா, ஏரி மட்டும் எப்படி அவங்களுக்கு?" என்று கேட்டார். 2008இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது நடந்த மோதலையும், அது துப்பாக்கிச் சூட்டில் முடிந்ததையும் கல்லூரியில் படித்தபோது அந்தக் கேள்வி உறுதிப்பட்டது.

தோழியின் காதில் என்ன விழும்?

விலகுகிறவருக்கு இது ஒரு கருத்து மாற்றம். கேட்கும் தோழிக்கு வேறு மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன.

முதலாவது, "உன்னோடு இனி உட்கார மாட்டேன்." காலனிப் பெண்களுக்கு வேலையும் வீடும் போக, வெளியே சேர்ந்து உட்கார இருக்கும் ஒரே இடம் ஜெபக்கூட்டம்தான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை, பாட்டுப் பழகும் சனிக்கிழமை மாலை. நம் பெண்கள் முதன்முதலில் மைக் பிடித்ததும், எழுத்துக் கூட்டிப் படித்ததும், நாலு பேர் முன்னால் தன் துக்கத்தைச் சொல்லி அழுததும் அங்கேதான். அதைக் கேலி செய்கிற தோழர்கள் அதற்குப் பதிலாக எந்த இடத்தைக் கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டும். தங்கை ஜெபத்துக்கு வராவிட்டால் அவருடைய தோழி இழப்பது வாரத்துக்கு மூன்று மாலைகளை.

இரண்டாவது, "நான் அழிந்துபோகப் போகிறேன்." தோழி உண்மையாகவே நம்புகிறவர் என்றால், நரகம் என்பது அவருக்குப் பேச்சு வழக்கில்லை. தன் உயிர்த் தோழி நெருப்பில் விழப்போவதாக அவர் நினைக்கிறார். அவர் அழுவதும் கோபப்படுவதும் அன்பினால்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் "இந்தக் காலத்துல நரகமாம்" என்று சிரித்தால், அவருடைய அன்பைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் ஆகும்.

மூன்றாவது, "செத்தால் என்ன ஆகும்?" தங்கையின் தோழி கேட்ட முதல் கேள்வியே இதுதான். "அப்ப நீ செத்தா எங்கடி பொதைப்பாங்க?" நகரத்து ஆட்களுக்கு வேடிக்கையாகத் தெரியலாம். காலனியில் கல்லறைத் தோட்டம் சபைக்குச் சொந்தம், அதில் இடம் சந்தா கட்டும் குடும்பத்துக்கு. ஊர்ச் சுடுகாடு நமக்கில்லை. கல்யாணம், சாவு, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாமே சபை வழியாக நடக்கும் ஊரில், நம்பிக்கையை விடுவது என்பது வாழ்க்கையின் எல்லா வாசல்களையும் ஒரேயடியாகச் சாத்துவதாகத் தோழிக்குத் தெரிகிறது.

ஆகவே தங்கை சொல்ல வேண்டியிருந்தது இந்த மூன்றுக்கும் தனித்தனியான பதில். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் ஆகாது.

சொல்லாமல் இருந்தால் என்ன?

பலர் சொல்லாமலே ஒதுங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். உடம்பு சரியில்லை, பரீட்சை, வேலை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். ஆண்களுக்கு இது ஓரளவு செல்லும். பெண்களுக்கு ஆபத்து. இருபத்திரண்டு வயதுப் பெண் ஜெபத்துக்கு வருவதை நிறுத்தினால், காலனி அதை நம்பிக்கைப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்லை. "எவன்கூடவோ பேசுறா" என்றுதான் எடுத்துக்கொள்ளும். அடுத்த மாதம் மாப்பிள்ளை பார்ப்பார்கள், படிப்பு நிற்கும். எங்களுக்குத் தெரிந்தே இப்படி இரண்டு பெண்களின் படிப்பு பாதியில் நின்றது.

தோழிக்கு உண்மை தெரிந்திருந்தால் அந்த வதந்தியை அவர் ஒருவரே தடுத்துவிட முடியும். "அதெல்லாம் இல்ல, அவ படிப்புல இருக்கா" என்று அவர் சொன்னால் ஊர் நம்பும். தெரியாவிட்டால் அவரும் அதே சந்தேகத்தில்தான் இருப்பார். இன்னும் மோசம், தன்னிடமே மறைத்துவிட்டாள் என்ற வருத்தமும் சேரும். விலகிய நட்புகளைப் பார்த்தால், பெரும்பாலும் உடைத்தது நம்பிக்கை மாறியதைவிட, மூன்றாம் ஆள் வழியாக அது தெரியவந்ததுதான்.

முதல் முயற்சி, இரண்டாவது முயற்சி

தங்கை முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். யாரோ ஒரு பேச்சாளர் பாதிரிமார்களையும் அந்நிய பாஷையில் ஜெபிப்பவர்களையும் கிண்டல் செய்கிற காணொளி. கீழே "பாத்துட்டு சொல்லு" என்று மட்டும் எழுதினார். நேரடியாகச் சொல்ல வாய் வராததால், இன்னொருவர் வாயால் சொல்லவைத்தார். தோழியும் அந்நிய பாஷையில் ஜெபிப்பவர். மூன்று வாரம் பதில் இல்லை. இரண்டு நீலக் குறி மட்டும் இருந்தது. தங்கை "சொன்னேன், போயிட்டா" என்று எங்களிடம் அழுதார். உண்மையில் அவர் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. தோழிக்குப் போய்ச் சேர்ந்தது "உன்னைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது" என்ற செய்தி மட்டும்தான்.

இரண்டாவது முயற்சி ஒரு மாதம் கழித்து. படகு வந்த பிறகு வலையில் சிக்கிய நண்டை எடுக்கும் வேலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கை வேலையில் இருக்கும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, மௌனம் வந்தாலும் உறுத்தாது. இந்த இடத்தைத் தங்கைதான் தேர்ந்தெடுத்தார், நல்ல தேர்வு. அவர் சொன்னது ஏறக்குறைய இது:

"அந்த வீடியோ அனுப்பினது தப்புடி. உன்ன சொல்லல. எனக்கு ஒரு வருஷமா ஜெபம் பண்ணா யாரோ கேக்குறாங்கன்னு தோணல. பொய்யா கண்ண மூடிட்டு உக்காந்திருக்க எனக்கு வெக்கமா இருக்கு. நாளைக்கு என்னவா இருப்பேன்னு எனக்கே தெரியல. உன்ன விட்டுப் போகல. சனிக்கிழம நீ பாட்டுப் பழகி முடிக்கிற வரைக்கும் வெளிய உக்காந்திருக்கேன், சேந்து வரலாம். இது உனக்கு மட்டும்தான் தெரியும்."

இதில் எங்களுக்குப் படுவது சில விஷயங்கள். தன்னைப் பற்றி மட்டும் பேசினார், "உங்க கடவுள்", "உங்க பாஸ்டர்" என்ற வார்த்தைகள் வரவில்லை. எது மாறியது என்றும் எது மாறவில்லை என்றும் பிரித்துச் சொன்னார். "விட்டுப் போகமாட்டேன்" என்ற வாக்குறுதியை, சனிக்கிழமை வாசலில் உட்காருவேன் என்று ஒரு நேரமும் இடமும் கொடுத்துச் சொன்னார். முக்கியமாக, எங்கே போய்ச் சேரப்போகிறேன் என்று தெரியாததை மறைக்கவில்லை.

இருபத்தோரு வருட இடைவெளி

இந்தக் கடைசி விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தவறான கட்டாயம் இருக்கிறது. ஒன்றை விடும்போதே இன்னொன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். "நான் பௌத்தராகிவிட்டேன்" அல்லது "நான் நாத்திகர்" என்று முடிவாகச் சொன்னால்தான் மரியாதை என்று தோன்றுகிறது. அதனால் உள்ளே முடிவாகாத ஒன்றை முடிவானதாகத் தோழியிடம் அறிவித்துவிட்டு, பிறகு அதைக் காப்பாற்றச் சண்டை போடுகிறார்கள்.

அம்பேத்கர் நாசிக் மாவட்டம் இயோலாவில் தான் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தது 1935 அக்டோபர் 13இல். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14இல். நடுவில் இருபத்தோரு வருடம். அந்த இடைவெளியில் சீக்கியமா, கிறிஸ்தவமா, இஸ்லாமா, பௌத்தமா என்று நாடே கேட்டது. அவர் படித்தார், ஒப்பிட்டார், காத்திருந்தார். விடுவதை அறிவித்த நாளில் சேருமிடத்தை அவர் அறிவிக்கவில்லை. அவருக்கே இவ்வளவு காலம் தேவைப்பட்டது என்றால், இருபத்திரண்டு வயதுப் பெண் நண்டு எடுத்துக்கொண்டே முடிவைச் சொல்லிவிட வேண்டுமா?

அந்தச் செய்தியைக் கேட்ட பக்கத்திலும் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. இரட்டைமலை சீனிவாசன் இப்படி இரண்டு முறை கேட்டவர். அவருடைய மைத்துனரான அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றார். பிறகு, லண்டன் வட்டமேசை மாநாட்டில் தன்னோடு உட்கார்ந்து ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசிய அம்பேத்கர் 1935இல் மதம் மாறப்போவதாக அறிவித்தார். இரண்டு முறையும் சீனிவாசன் கூடப் போகவில்லை. அம்பேத்கருக்கு அவர் வைத்த மறுப்பு, நாம் வருணத்துக்கு வெளியே உள்ளவர்கள், இந்து மதத்துக்குள் இல்லாதவர்கள் அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்பதுதான். இந்த வாதத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மறுப்பு எதை நோக்கி இருந்தது என்று பாருங்கள். ஆளை விட்டுவிட்டு முடிவை நோக்கி இருந்தது. தோழி "நான் ஒத்துக்க மாட்டேன்" என்று சொன்னால் உடனே அவரை இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாமலே கூட இருப்பது நம் மரபில் உண்டு.

ஜெபக்குறிப்பு என்ற சிக்கல்

தங்கையின் தோழி நண்டு எடுத்து முடியும் வரை பேசவில்லை. பிறகு புதைக்கும் இடத்தைக் கேட்டார். அதற்குப் பிறகு, "உனக்காக ஜெபம் பண்ணலாமா, அதுக்கும் கோச்சுக்குவியா?" என்றார்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். "எனக்காக ஜெபிக்காதே" என்று சொல்வது தோழியிடம் இருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்குவது. "சரி" என்று முழுதாக விட்டுவிட்டால் வேறொரு சிக்கல் வரும். ஜெபக்கூட்டங்களில் ஜெபக்குறிப்பு கொடுக்கும் வழக்கம் உண்டு. யாருக்கு என்ன கஷ்டம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், பாஸ்டர் சபையில் வாசித்து எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். "பின்வாங்கிப்போன சகோதரிக்காக" என்று ஒரு வரி வாசிக்கப்பட்டால் போதும், அது யார் என்று நாற்பது வீட்டுக்கும் அன்று மாலையே தெரிந்துவிடும். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே, அன்பினாலேயே ரகசியம் வெளியேறும் வழி இது.

தங்கை சொன்னது: "நீ தனியா பண்ணு, எனக்குச் சந்தோஷம். குறிப்புல மட்டும் எழுதாத. பேரு இல்லாமக்கூட வேணாம்." அடுத்து இன்னொன்றும் பேசி வைத்துக்கொண்டார்கள். தங்கையின் அம்மா "ஏன் வர மாட்டேங்கறா?" என்று கேட்டால் தோழி என்ன சொல்வது? தோழியைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது, அவர் நம்பிக்கைக்கு அது பாவம். "அதை நீங்களே அவகிட்ட கேளுங்க அத்தை" என்று சொல்வதாக முடிவானது. பொய்யும் இல்லை, காட்டிக்கொடுத்ததும் இல்லை. ரகசியத்தைக் கொடுக்கிறவர் அதைச் சுமக்கும் வழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

காகிதம்

நம் மக்களுக்கு மட்டும் உரிய ஒரு கனம் இந்தப் பேச்சில் உண்டு. மற்றவர்கள் நம்பிக்கையை விடும்போது மனம் மட்டும் சம்பந்தப்படுகிறது. நமக்குச் சான்றிதழும் சம்பந்தப்படுகிறது.

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஞானஸ்நானத்தால் பாடு கிடைக்கவில்லை, சேரி மாறவில்லை, ஆனால் சான்றிதழ் மட்டும் மாறும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் சேர்ந்தே போகும். ஏரியின் மறுபக்கமான ஆந்திராவில், கிறிஸ்தவப் போதகர் ஒருவர் அந்தச் சட்டத்தில் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025இல் இதே காரணத்தால் தள்ளியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதனால் நம் காலனிகளில் பல வீடுகள் ஒரு நூலிழையில் நிற்கின்றன. பள்ளிப் பதிவேட்டில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை வேறு மதம். இந்த நிலையை உண்டாக்கியது அந்த மூன்றாவது பத்தி, நம் வீட்டு அம்மாக்கள் இல்லை. அதை நீக்க வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை.

தோழியிடம் பேசுவதில் இதன் பொருள் என்ன? தங்கை முகநூலில் "இருபது வருடம் கிறிஸ்தவராக வாழ்ந்த நான் இன்று விலகுகிறேன்" என்று ஒரு பதிவு போட எழுதி வைத்திருந்தார். தைரியமான பதிவுதான். ஆனால் அது அவரைப் பற்றிய வாக்குமூலம் மட்டுமில்லை. அவருடைய அம்மா, தம்பி, அதே சபையில் இருக்கும் தோழியின் குடும்பம் எல்லோரையும் பற்றிய வாக்குமூலம். தம்பியின் கல்லூரிச் சேர்க்கையை எவராவது கேள்வி கேட்க நினைத்தால் அந்தப் பதிவு போதும். ஆகவே இந்தப் பேச்சு நேரில் நடப்பது நல்லது. செய்தியாகவோ குரல் பதிவாகவோ அனுப்பினால் அது யார் கைக்கும் போகலாம். காகிதத்தில் எதையும் மாற்றும் முன், அது பௌத்தத்துக்கு மாறுவதாக இருந்தாலும் சரி, நம் வழக்கறிஞர்களிடம் கேட்டுவிடுங்கள். அதிகாரியிடம் எதையும் திரித்துச் சொல்லச் சொல்லவில்லை. அவசரத்தில் இன்னொருவர் தலையில் கல்லைப் போட வேண்டாம் என்கிறோம்.

விலகினாரா, இடைவெளி எடுத்தாரா?

சொன்ன பிறகு வரும் வாரங்கள்தான் கடினம். தங்கையின் தோழி முதல் இரண்டு சனிக்கிழமை அவரைப் பார்த்தும் பாராதவர் போல மற்றவர்களோடு நடந்து போனார். தங்கை வாசலில் உட்கார்ந்துதான் இருந்தார். மூன்றாவது வாரம் தோழி வந்து, தன் அண்ணனின் படகு எஞ்சின் பழுதானதையும் பணம் புரட்ட வேண்டியதையும் சொல்லிப் புலம்பினார். மதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாங்கள் பார்த்த அளவில் இதுதான் அடையாளம். தன் கஷ்டத்தை இன்னும் உங்களிடம் கொண்டுவருகிறார் என்றால் அவர் விலகவில்லை, உங்கள் மாற்றத்தை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருக்கிறார். சிரித்துப் பேசி, நலம் விசாரித்து, ஆனால் தன் வீட்டுச் செய்தி எதையும் சொல்லாமல் இருந்தால் அதுதான் விலகல். சண்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மரியாதையைப் பார்த்துப் பயப்படுங்கள்.

இடம் தேடும் அந்த நாட்களில் அவரை நம் பக்கம் இழுக்க முயல வேண்டாம். புத்தகம் கொடுப்பது, கூட்டத்துக்குக் கூப்பிடுவது, காணொளி அனுப்புவது எல்லாம் பிறகு அவரே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நட்பு ஆள் சேர்க்கும் வேலையாக மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றினால், பாஸ்டருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருக்காது.

சொல்லவே கூடாத சூழலும் உண்டு. கல்லூரிக் கட்டணமோ விடுதி இடமோ சபையின் உதவியில் நடந்துகொண்டிருந்தால், படிப்பு முடியட்டும். வீட்டில் அடி விழும், கட்டாயக் கல்யாணம் நடக்கும் என்ற பயம் இருந்தால், போய்த் தங்க ஓர் இடம் உறுதியான பிறகு பேசுங்கள். தோழியே பாஸ்டர் வீட்டுப் பெண்ணாக இருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் அந்தச் சுமையை அவர் மேல் வைப்பது நியாயமில்லை. காத்திருப்பதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் உங்களுக்குச் சோறு போடப்போவதில்லை. சில நேரம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தோழி போய்விடுவார். எங்களிடம் வந்தவர்களில் அப்படியும் நடந்திருக்கிறது. அந்த இழப்புக்கு ஈடு சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

கடைசியாக, கேட்கும் பக்கத்தில் இருக்கும் தோழர்களுக்கும், இயக்கத்துக்கும் ஒன்று. தோழி கேட்ட "எங்கே புதைப்பார்கள்" என்ற கேள்விக்குத் தங்கையிடம் அன்று பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. மதத்தை விட்டு வா என்று மேடையில் சொல்கிற நாம், விட்டு வந்தவருக்கு ஒரு கல்யாணத்தை நடத்திக் கொடுக்கவும், ஒரு சாவில் தோள் கொடுக்கவும், ஆறடி மண்ணுக்கு மனு போடவும் தயாராக இருக்க வேண்டும். நம் காலனிகளுக்குச் சபை சாராத பொது மயானம் வேண்டும் என்று ஊராட்சியில் கேட்போம். அடுத்த கிராம சபைக்கு அந்த மனுவை எழுதும் வேலை தொடங்கிவிட்டது. எழுதிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் தங்கை. வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது, இன்னும் ஞாயிறுதோறும் சபையில் பாடுகிற அவருடைய தோழி.

ஜெய் பீம்.